முப்பத்தாறு பிறந்த தேதிகள்

சிதம்பரத்தை ஒட்டிய ஒரு சின்ன மெட்ரிக் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் மிஸ். வீடு கடலூர் செம்மண்டலத்தில். காலையில் ஏழு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆலப்பாக்கத்திலும் புதுச்சத்திரத்திலும் நின்று நின்று வந்து பிரேயர் முடிந்த பிறகுதான் என்னை இறக்கிவிடும். அதனால் தினமும் பதறிக்கொண்டே கிளம்புவேன், பதறிக்கொண்டே போய்ச் சேருவேன். முன்கோபம் வேறு ஜாஸ்தி. லேபில் ஒருத்தன் கீபோர்டை இரண்டு தட்டு வேகமாகத் தட்டினாலே என் சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும்.

எங்கள் லேபில் பதினோரு கம்ப்யூட்டர்கள். அதில் இரண்டு எப்போதும் படுத்தே கிடக்கும். மீதி ஒன்பது. ஒன்பதாம் வகுப்பில் முப்பத்தாறு பேர், ஆக ஒரு கம்ப்யூட்டருக்கு நான்கு பேர். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நான் கை தட்டுவேன். உட்கார்ந்திருப்பவர் எழுந்துகொள்ள வேண்டும், நிற்பவர் உட்கார வேண்டும். நாற்பது நிமிஷ பீரியட் இப்படி நான்கு கைதட்டலில் தீர்ந்துபோகும். கம்ப்யூட்டரைப் போட்டால் எல்லாவற்றிலும் 'ஸ்டூடன்ட்' என்ற ஒரே பெயர்தான் வரும், அதற்குப் பாஸ்வேர்டே கிடையாது. அதன் பிறகு அவரவர் பள்ளிக் கணக்கைத் திறந்து வகுப்புப் பக்கத்துக்குப் போக வேண்டும். வீட்டுப்பாடம், அறிவிப்பு எல்லாம் அங்கேதான், பிள்ளைகளும் அதில் எழுதலாம். பெற்றோரும் வீட்டில் பிள்ளையின் கணக்கைப் போனில் திறந்து அதைப் பார்ப்பார்கள்.

இந்தக் கணக்குகளைத் தொடங்கியபோது தாளாளர் என்னைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று விதிமுறைப் படிவம் ஒன்று தயார் செய்யச் சொன்னார். பெற்றோர் கையெழுத்து வாங்கி வைத்துவிட்டால் நாளைக்குப் பிரச்சினை வராது என்பது அவர் கணக்கு. நான் என்ன செய்தேன், ஏதோ ஒரு பெரிய ஊர்ப் பள்ளியின் இணையதளத்திலிருந்து எடுத்துத் தமிழில் மாற்றினேன். பள்ளி வழங்கிய ஐபேடைக் கீழே போட மாட்டேன் என்று அதில் ஒரு விதி இருந்தது. அச்சுக்குப் போன பிறகுதான் அதைப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. படிவத்தை யாரும் படிக்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அதில் இரண்டு விதிகளை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். 'என் கடவுச்சொல்லை யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்பது ஒன்று. 'என் கணக்கில் நடக்கும் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு' என்பது இன்னொன்று. இரண்டுமே நல்ல விதிகள்தான். ஆனால் இரண்டாவதைக் கேட்பதற்கு முன்னால், முதலாவதைக் காப்பாற்றக்கூடிய ஒரு பாஸ்வேர்டைப் பிள்ளையின் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

கொடுக்கத்தான் பார்த்தேன். முதல் வாரம் அவரவரே பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன். சொன்னபோது மகிழ்ச்சியாக வைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் வந்தால் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். "மிஸ், எனக்கு", "மிஸ், எனக்கும்" என்று என் மேஜையைச் சுற்றி ஒரே கூட்டம். ஒவ்வொருவருக்கும் மாற்றிக் கொடுத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. ஆறாம் வகுப்பில் இன்னும் மோசம், இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. அன்று சாயந்திரமே உட்கார்ந்து பள்ளிக்கு மொத்தமாக ஒரு பட்டியல் போட்டேன். பாஸ்வேர்டு என்ற கட்டத்தில் எல்லாருக்கும் பிறந்த தேதி. நாள், மாதம், வருஷம் என்று எட்டு இலக்கம். பாஸ்வேர்டுக்குக் குறைந்தது எட்டு எழுத்தாவது வேண்டும் என்று அந்தக் கணக்கில் நிபந்தனை இருந்தது, அதற்கும் சரியாகப் பொருந்தியது. முதல்முறை திறக்கும்போது பாஸ்வேர்டை மாற்றச் சொல்ல வேண்டுமா என்று பக்கத்தில் ஒரு கட்டம். 'வேண்டாம்' என்று மேலே ஒன்றில் போட்டுக் கடைசி வரை இழுத்துவிட்டேன். ஒரு நிமிஷ வேலை. அதற்கப்புறம் லேபில் யாரும் அழவில்லை, எனக்கும் நிம்மதி.

இங்கே எங்கள் பள்ளிப் பழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது புரியும். யாருக்குப் பிறந்தநாளோ அவர்கள் அன்று கலர் டிரெஸ்ஸில் வரலாம். பிரேயரில் மேடைக்குக் கூப்பிட்டு எல்லாரும் கை தட்டுவார்கள். வகுப்பு வகுப்பாக மிட்டாய் கொடுத்துவிட்டு வருவார்கள். ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் பலூன் படம் ஒட்டிய ஒரு சார்ட் உண்டு. பலூனுக்கு ஒரு பெயர், பெயருக்குக் கீழே நாளும் மாதமும். வருஷம் எழுதியிருக்காது. ஆனால் ஒரு வகுப்பில் எல்லாரும் ஒரே வருஷத்தில் பிறந்திருப்பார்கள், மிஞ்சினால் அதற்கு முந்தைய வருஷம். ஆக, என் பள்ளியின் பாஸ்வேர்டு எல்லாம் பலூன் ஒட்டிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த சார்ட்டை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு சார்ட்டில் பலூன் வெட்டிக் கொடுத்ததே நான்தான். இரண்டையும் சேர்த்து ஒருநாளும் யோசிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வரும்போதே பிரின்சிபால் மேடத்திடமிருந்து போன். ஒன்பதாம் வகுப்புப் பக்கத்தில் கணக்கு சாரைப் பற்றி அசிங்கமாக ஒன்று எழுதியிருக்கிறது, உடனே எடுங்கள் என்றார். போனில் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் போட்டிருக்கிறது. சாரையும் அவர் வீட்டுப் பெண்களையும் சேர்த்து மூன்று வரி. அதை இங்கே எழுத எனக்குக் கை வராது. பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்ப்பாரோ என்று போனைக் கவிழ்த்துக்கொண்டேன். இரண்டு நாள் விடுமுறையில் பெற்றோர் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிவிட்டார்கள். நான் அழித்து என்ன பிரயோஜனம்? அழித்தேன்.

எழுதியவர் பெயர் மேலே இருந்தது. கிள்ளையிலிருந்து வரும் ஒரு பெண். கடைசி பெஞ்சில் உட்காருவாள், கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அன்று முழுக்க அவள் குரலே கேட்காது. வேறு பள்ளியிலிருந்து ஒரு வருஷம் விட்டுப்போய் வந்து சேர்ந்தவள், அதனால் மற்றவர்களைவிட வயதில் மூத்தவள். அப்பா குட்டியானை வேன் ஓட்டுகிறார், முடசலோடையிலிருந்து மீன் லோடு. இந்தப் பெண் அப்படி எழுதுவாளா என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே, எந்தப் பிள்ளை மனசில் என்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும் என்றும் நினைத்தேன்.

தாளாளர் அறையில் கணக்கு சார் முகம் கறுத்துப்போய் நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரு மாணவனின் அம்மா தன்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிப் போனதாகச் சொன்னார். அந்த மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் எழுதல சார்" என்று மூன்று முறை சொன்னாள். அப்புறம் அதையும் சொல்லவில்லை, அழுதாள். தாளாளர் என்னைப் பார்த்து, யார் கணக்கிலிருந்து போனது என்று செக் பண்ணி எழுத்தில் கொடுங்கள் என்றார்.

அட்மின் பக்கத்தைத் திறந்தேன். யார் எப்போது தங்கள் கணக்கைத் திறந்தார்கள் என்ற பதிவு அதில் இருக்கும். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்று தெரியாது, ஏனென்றால் பள்ளிக்கு மொத்தமே ஒரே இன்டர்நெட் இணைப்பு. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து போனாலும் வெளியே ஒரே முகவரிதான். கம்ப்யூட்டருக்குள் போய்ப் பார்க்கலாம் என்றால் எல்லாவற்றிலும் அதே 'ஸ்டூடன்ட்'. மூடும்போது பார்த்த பக்கங்களெல்லாம் அழிந்துவிடும்படி வேறு வைத்திருந்தேன், ஒருவர் கணக்கு அடுத்தவருக்குத் திறந்து கிடக்கக் கூடாதே என்று. யார் எந்த சீட்டில் உட்கார்ந்தார்கள் என்று எழுதிவைக்கும் வழக்கமும் எங்களுக்கு இல்லை.

பதிவில் அந்தப் பெண்ணின் பெயருக்கு வெள்ளிக்கிழமை மூன்று வரிகள் இருந்தன. 2.44க்கு ஒருமுறை திறந்திருக்கிறது. 3.04க்கு ஒருமுறை தவறான பாஸ்வேர்டு. 3.05க்கு மறுபடி திறந்திருக்கிறது. வகுப்புப் பக்கத்தில் அந்த அசிங்கம் விழுந்தது 3.08.

பீரியட் 2.40க்கு. அவள் முதல் கைதட்டலுக்கு உட்காருகிறவள், அவள் நேரம் 2.50க்கே முடிந்துவிட்டது. 3.05க்கு அவள் நின்றுகொண்டிருக்க வேண்டியவள். முன்னால் ஒரு தவறான பாஸ்வேர்டு. பிறந்த தேதியைத் தன் பெயரைப் போலத் தட்டுகிற பெண், இருபது நிமிஷத்துக்குள் எப்படித் தவறவிடுவாள்? அவளுடைய பிறந்த வருஷத்தைத் தெரியாத ஒருவர், வகுப்பில் எல்லாருக்கும் உள்ள வருஷத்தை முதலில் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் ஒன்று குறைத்துப் போட்டிருக்கிறார். சுவரைப் பார்த்துத் திறந்திருக்கிறார்கள். எட்டு இலக்கத்தை எல்லார் கையிலும் கொடுத்தது நான்.

நிரூபணம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நிற்கிற பிள்ளைகள் அங்கே இங்கே அலையத்தான் செய்வார்கள். அவளே வேறு கம்ப்யூட்டருக்குப் போய்த் திறந்திருக்கலாம், கை தவறியிருக்கலாம். ஆனால் இத்தனையையும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டியது என் வேலை. நான் எழுதியது ஒரே வாக்கியம். 'மேற்படி பதிவு இம்மாணவியின் கணக்கிலிருந்து வெள்ளிக்கிழமை பிற்பகல் 3.08க்குப் போடப்பட்டுள்ளது.' கீழே கையெழுத்து. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் அப்பாவை வரச் சொல்லியிருந்தார்கள். லோடு இறக்கிய கையோடு வந்திருந்தார், சட்டையில் ஐஸ் தண்ணீர் ஈரம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கதவோரம் அவளும் நின்றிருந்தாள். பிரின்சிபால் மேடம் அந்தப் படத்தைக் காட்டினார். பாதி படித்ததும் அப்பா போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்து என் படிவத்தை அவர் முன்னால் வைத்தார்கள்.

"இது உங்க கையெழுத்துதானே?" என்றார் தாளாளர்.

"ஆமாங்க சார்."

"படிச்சிட்டுத்தானே போட்டீங்க?"

"ஸ்கூல்ல குடுத்தா போட்டுடறதுதாங்க சார். நீங்க சரியாத்தான் எழுதியிருப்பீங்க."

அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு முகம் கொதித்தது. நான் மேஜைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். தாளாளர் விதியைச் சத்தமாகப் படித்தார், என் கணக்கில் நடக்கும் எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. நான் எழுதிய வரி அவர் வாயில் தீர்ப்பாக மாறிவிட்டது. வியாழக்கிழமை வந்து டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நடுவருஷத்தில் டி.சி. கொடுத்தால் எந்தப் பள்ளியும் சேர்க்காது என்று மேடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அதற்கு அப்பாவே பதில் சொல்லிவிட்டார், இனிமேல் படிக்க வேண்டாம், அவுங்க அம்மா கூட இறால் உரிக்கப் போகட்டும் என்று. அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். லேபில் ஏதாவது ஓடாமல் நின்றுவிட்டால் பிள்ளைகள் என்னை அப்படித்தான் பார்ப்பார்கள், மிஸ் வந்து சரி பண்ணுவார் என்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நிதானமான ஆள், ஒரு ஆபீஸில் குமாஸ்தா. ஆபீஸில் எழுதியதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பது அவர் சித்தாந்தம். கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் கொடுத்துவிட்டாய், அதில் பொய்யும் இல்லை, அதோடு விடு என்றார். யார் எழுதியது என்று உனக்கே தெரியாதபோது எதைப் போய்ச் சொல்வாய் என்றும் கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டதே எனக்குப் பயமாக இருந்தது. அவர் மேல் எரிந்து விழுந்துவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

என் பயம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலை போய்விடும் என்பது ஒன்று. அதைவிட, கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று அந்தப் பள்ளியில் எனக்கு ஒரு பேர் உண்டு. பிரின்டர் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், போனில் படம் வராவிட்டாலும் என்னைத்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற பிறந்த தேதியை முன்னூறு பேருக்குப் பாஸ்வேர்டாக வைத்தவள் நான்தான் என்று எப்படிப் போய்ச் சொல்வது? வெட்கம். அவ்வளவுதான். ஒரு பெண்ணின் படிப்புக்கு எதிரே நான் வைத்து நிறுத்தியது என் வெட்கத்தைத்தான்.

புதன்கிழமை அவள் வரவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு அன்றும் லேப் இருந்தது. யார் முகத்தைப் பார்த்தாலும் இவனா, இவளா என்று தோன்றியது. ஒருத்தி தும்மினால்கூட உற்றுப் பார்த்தேன். கை தட்ட மறந்துவிட்டேன், பிள்ளைகளே "மிஸ், டைம் ஆயிடுச்சி" என்றார்கள். மத்தியானம் ஆபீஸ் கிளார்க்கிடம் பேப்பர் வாங்கப் போனபோது மேஜையில் டி.சி. எழுதி வைத்திருந்தது. பெயர், பிறந்த தேதி எல்லாம் மை காய்ந்திருந்தது. நடத்தை என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். என்ன எழுதுவது என்று சாரைக் கேட்க வேண்டும் மேடம் என்றார் கிளார்க். பிறந்த தேதி எட்டு இலக்கமாக என் கண் முன்னால் நின்றது. நான் ஊகித்தது சரிதான், மற்றவர்களுக்கு ஒரு வருஷம் முந்தையது. அன்று பஸ்ஸில் கடலூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன், சீட்டு காலியாக இருந்தும்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. அதே அறை, அதே ஆட்கள். அப்பா இந்த முறை வேட்டி கட்டி வந்திருந்தார், அவருக்குப் பின்னால் அவள். தாளாளர் பேனாவைத் திறந்தபோது நான் குறுக்கே பேசினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"சார், நான் திங்கக்கிழமை குடுத்த ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கிக்கறேன்."

ஏன் என்றார். அவர் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் தரச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு சார்ட்டைக் காலையிலேயே போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். யாராவது ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள் என்று மேடத்தைக் கேட்டேன். வகுப்புத் தலைவி பெயரைச் சொன்னார். சார்ட்டைப் பார்த்தேன், எட்டு இலக்கம் தட்டினேன், திறந்தது. இன்னொரு பெயர் கேட்டேன். கணக்கு சார் ஒரு பையன் பெயரைச் சொன்னார். அதுவும் திறந்தது. மற்றவர் கணக்கில் நுழைய மாட்டேன் என்றும் என் படிவத்தில் ஒரு விதி உண்டு. அதை எழுதியவளே இரண்டு முறை மீறினாள். தாளாளர் முகம் மாறிவிட்டது. அவருடைய பேத்தி ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். அவள் பெயரை அவரே சொன்னார், மெதுவாக. சார்ட் எனக்குத் தேவைப்படவில்லை, அவள் பிறந்தநாளுக்குப் பள்ளி முழுக்கக் கேசரி சாப்பிட்டோம். வருஷம் ஒருமுறை தப்பிப் போனது, அடுத்த முறை திறந்தது. அவள் எழுதிவைத்த கட்டுரை, தோழிக்கு அனுப்பிய வாழ்த்து எல்லாம் திரையில் வந்தன. மூடுங்க மேடம் என்றார். மூடினேன்.

அப்புறம் பதிவைக் காட்டினேன். முதல்முறை திறந்தது, தவறான பாஸ்வேர்டு, மறுபடி திறந்தது, ஒவ்வொன்றாக. இவள் எழுதவில்லை என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது சார், ஆனால் இவள்தான் எழுதினாள் என்று யாராலும் சொல்ல முடியாது, முப்பத்தாறு பேரில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம், பாஸ்வேர்டை அப்படி வைத்தது நான்தான், மாற்ற வேண்டாம் என்று போட்டதும் நான்தான் என்றேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப அன்னிக்கு எழுதிக் குடுத்தது?" என்றார் தாளாளர்.

"அது பொய் இல்ல சார். ஆனா முழுசா எழுதல."

அவருக்குக் கோபம் வந்தது. இரண்டு மூன்று நிமிஷம் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அதையெல்லாம் கேட்டுக்கொண்டேன், அவ்வளவும் சரி. கணக்கு சார் மட்டும், "யாரு எழுதியிருந்தாலும் என்னப் பத்தி எழுதினது எழுதினதுதானே மேடம்" என்றார். யார் எழுதியது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியவே இல்லை. ஆனால் அவர் அந்தப் பெண் பக்கம் திரும்பி, நீ கிளாஸுக்குப் போம்மா என்றார். அதை அந்த மனிதர் சொல்லியிருக்கத் தேவையில்லை. டி.சி. தாளைத் தாளாளர் நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

எனக்கு மெமோ கொடுத்தார்கள், விளக்கம் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை இரண்டு பக்கம். நடுவருஷத்தில் வேறு ஆள் கிடைக்காது என்பதால் வேலை தப்பியது. வெளியே வந்தபோது அவள் அப்பா வராந்தாவில் காத்திருந்தார். நீங்க மட்டும் சொல்லலன்னா எம் பொண்ணு வாழ்க்க போயிருக்கும் டீச்சர் என்று இரண்டு கையையும் கூப்பினார். அந்தக் கைகளை என்னால் பார்க்க முடியவில்லை. நான் ஏதோ முணுமுணுத்துவிட்டு லேபுக்கு ஓடிவிட்டேன்.

ஒரு வாரம் லேபைப் பூட்டிவிட்டு எல்லாவற்றையும் புதிதாகச் செய்தேன். எல்லார் பாஸ்வேர்டையும் மாற்றி, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு தற்காலிகப் பாஸ்வேர்டு. முதல்முறை திறந்ததும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வைத்தேன். வகுப்புப் பக்கத்தில் ஆசிரியர் மட்டும்தான் எழுதலாம், பிள்ளைகள் படிக்கலாம். யார் எந்த சீட்டில் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார்கள் என்று ஒரு நோட்டு. படிவத்தில் ஐபேடை அடித்துவிட்டு, பாஸ்வேர்டு யாருக்காவது தெரிந்துவிட்டதாகத் தோன்றினால் உடனே மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும், சொன்னதற்காகத் தண்டனை கிடையாது என்று சேர்த்தேன். அதைப் பெற்றோர் கூட்டத்தில் நானே உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கினோம்.

ஒன்பதாம் வகுப்பு மறுபடி லேபுக்கு வந்த அன்று, மூன்று சொற்களைச் சேர்த்து எப்படிப் பாஸ்வேர்டு வைப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். சம்பந்தமில்லாத மூன்று சொற்கள், உங்களுக்கு மட்டும் ஞாபகம் வருகிற மாதிரி, ஊரும் பேரும் பிறந்தநாளும் வேண்டாம் என்றேன். ஒவ்வொருவராக மேஜைக்கு வந்து தற்காலிகப் பாஸ்வேர்டு எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். யாருக்கும் மறக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், அடுத்த வாரமே ஆறு பேர் வந்தார்கள். உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன்.

சீட்டு கொடுத்த அன்று அவள் கடைசியாக வந்தாள். மணி அடித்து மற்றவர்கள் போய்விட்டார்கள். வாங்கிய சீட்டைப் பிரிக்காமல் நின்றாள். என்னம்மா, மாற்ற வரவில்லையா என்று கேட்டேன். அவளிடம் நான் அந்த ஒரு வாரமாக ரொம்பப் பிரியமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

"மிஸ், அந்த லாகின் பதிவெல்லாம் நீங்க எப்பப் பாத்தீங்க?"

மழுப்பியிருக்கலாம். அந்தக் கண்ணைப் பார்த்து முடியவில்லை.

"திங்கக்கிழமம்மா. மத்தியானமே பாத்துட்டேன்."

தலையாட்டினாள். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சட்டையின் கைமடிப்பை முழங்கைக்கு மேலே ஏற்றினாள். அப்போதுதான் அங்கே நீளமாகக் கன்றிப்போய் மஞ்சள் பாரித்திருந்ததைப் பார்த்தேன்.

"அப்பா அடிச்சது செவ்வாக்கிழமை சாயந்திரம் மிஸ்" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு கிள்ளை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.